உதிர்ந்த முடியின் அடிமுனையைப் பாருங்கள்

முகப்பருவுக்காக ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடத் தொடங்கியவர்களிடம் முதல் மாதம் விசாரித்தால் எல்லோரும் உதட்டைப் பற்றித்தான் சொல்வார்கள். உதடு வெடிக்கிறது, தோல் உரிகிறது, ரசம் பட்டால்கூட எரிகிறது. தலையைப் பற்றிய பேச்சு கொஞ்சம் தாமதமாக வரும். முதலில் கறுப்புத் துணியில் தோள்பட்டைப் பக்கம் வெள்ளைத் தூள். அதற்கும் ஒன்றிரண்டு மாதம் கழித்து, குளியலறைத் தண்ணீர் போகும் ஓட்டையை அடைத்துக்கொண்டு கிடக்கும் முடி. இரண்டையும் ஒரே கதையாக முடிச்சுப் போட்டுவிடுவது வீடுகளில் வழக்கம்: "தலை காய்ஞ்சு போச்சு, அதான் முடி கொட்டுது."

இந்த முடிச்சை முதலில் அவிழ்க்க வேண்டும். தலை வறள்வது ஒரு காரணத்தால், முடி கூடுதலாக உதிர்வது வேறொரு காரணத்தால். மாத்திரை ஒன்றுதான், ஆனால் அது வேலை செய்யும் இடங்கள் இரண்டு. தலைக்கு எண்ணெய் வைத்து முடி உதிர்வதை நிறுத்த முடியாததும், முடி உதிர்கிறதே என்று வாங்கும் சத்து மாத்திரையால் தலை அரிப்பு போகாததும் இதனால்தான்.

ஐசோட்ரெட்டினாயின் வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த மருந்து. மற்ற மருந்துகளுக்கு அடங்காத கடுமையான பருக்களுக்காக 1982-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பருக்களின் மூலமே தோலிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகள்தான். இந்த மருந்து அந்தச் சுரப்பிகளையே சுருக்கிவிடுகிறது. முழு அளவில் சாப்பிடுகிறவர்களுக்குச் சில வாரங்களிலேயே எண்ணெய்ச் சுரப்பு பத்தில் ஒரு பங்காகக்கூடக் குறைந்துவிடும். பரு போவது அதனால்தான். ஆனால் முகத்தில் மட்டும் சுரப்பை நிறுத்து, தலையை விட்டுவிடு என்று மருந்துக்குச் சொல்ல முடியாது. முகத்தைப் போலவே தலைச்சருமத்திலும் எண்ணெய்ச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. அங்கேயும் சுரப்பு வற்றுகிறது. போதாக்குறைக்கு, தோலின் மேலடுக்கும் மெலிகிறது. உள்ளே இருக்கும் ஈரத்தைப் பிடித்துவைக்கும் திறன் குறைகிறது. தலை இழுத்துப் பிடித்தாற்போல் இருக்கிறது, அரிக்கிறது, சொரிந்தால் தூள் உதிர்கிறது.

இதற்குமேல் பொதுவாகப் பேசாமல் ஒருத்தியின் கதையாகவே சொல்கிறேன். இவள் தனியொரு ஆள் அல்ல. பலருக்கு நடப்பதைச் சேர்த்து நான் உருவாக்கிக்கொண்ட ஆள். வயது 21. மதுரையில் கல்லூரி இறுதியாண்டு. எடை 50 கிலோ. தாடையிலும் முதுகிலும் பெரிய பருக்கள், ஆறியபின் குழி விழுகிற ரகம். தோல் மருத்துவர் முதல் மாதம் தினம் 20 மில்லிகிராம் கேப்ஸ்யூல் கொடுத்தார், அடுத்த மாதத்திலிருந்து 40.

பொடுகு மாதிரி இருக்கும், பொடுகு அல்ல

ஐந்தாவது வாரத்தில் துப்பட்டாவில் வெள்ளைத் தூள். பார்த்தவுடன் பொடுகு என்று முடிவுகட்டி, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு, கீட்டோகோனசோல் ஷாம்பு வாங்கி ஒன்றுவிட்டு ஒரு நாள் தேய்த்தாள். இரண்டே வாரத்தில் தூள் இரண்டு மடங்கு ஆனது. ஷாம்பு பட்ட இடமெல்லாம் எரியத் தொடங்கியது.

நடந்தது என்னவென்றால், பொடுகு என்று நாம் சொல்கிற நோய் எண்ணெய்ப் பசையை நம்பி வாழ்வது. நம் எல்லோருடைய தலையிலும் குடியிருக்கும் ஒருவகை ஈஸ்ட் கிருமி அந்த எண்ணெயைத் தின்று தலையைத் தொந்தரவு செய்வதால் வருவது. அதன் செதில் கொஞ்சம் பெரிதாக, மஞ்சள் சாயலாக, விரலில் ஒட்டும் பிசுக்கோடு இருக்கும். அடியில் தோல் சிவந்திருக்கும். மூக்கோரத்திலும் புருவத்திலும்கூடத் தலைகாட்டும். ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடும்போது எண்ணெயே குறைந்துவிடுவதால் இந்தப் பொடுகு பெரும்பாலும் தணியத்தான் செய்யும். மருந்தால் வரும் வறட்சியின் தூள் வேறு. மாவு போல் பொடியாக, வெள்ளையாக, காய்ந்து இருக்கும். ஊதினால் பறக்கும். ஒட்டாது. இதற்குப் பொடுகு ஷாம்பு போடுவது, மிச்சம் மீதி இருக்கும் எண்ணெயையும் வழித்தெடுப்பதாகிவிடுகிறது. சாலிசிலிக் அமிலம் கலந்த ஷாம்புவானால் இன்னும் மோசம்.

இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். பழைய பொடுகுக்காரர்களுக்கு அப்படி நேர்வதுண்டு. தலையைப் பார்த்துவிட்டு மருத்துவர் வாரத்துக்கு ஒரு தடவை பொடுகு ஷாம்பு போடச் சொல்லலாம். கடைக்காரர் சொல்லிப் போடுவதுதான் வேண்டாம்.

அவளுக்குத் தேவைப்பட்டது மிக எளிய விஷயம். வாரத்துக்கு இரண்டு, அதிகம் போனால் மூன்று தடவை தலைக்குக் குளியல். கீசரில் கொதிக்கக் கொதிக்க வருகிற தண்ணீர் கூடாது, கை பொறுக்கும் வெதுவெதுப்பு போதும். வாசனையும் நுரையும் அதிகமில்லாத மிதமான ஷாம்புவைக் குவளைத் தண்ணீரில் கரைத்து, விரல் நுனியால் தலைச்சருமத்தில் மட்டும் தேய்க்க வேண்டும். நகம் படக்கூடாது. முடியின் நீளத்தில் தனியாகத் தேய்க்க வேண்டியதில்லை, வழிந்து வருகிற நுரையே அதற்குப் போதும். கண்டிஷனர் காதுக்குக் கீழே உள்ள முடிக்கு. துண்டால் ஒற்றியெடுத்து, தலை லேசாக ஈரமாக இருக்கும்போதே, மருத்துவர் எழுதித்தந்த கிளிசரின் அல்லது குறைந்த அளவு யூரியா கலந்த லோஷனை வகிடு வகிடாகப் பிரித்துச் சில சொட்டு விட வேண்டும். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் தோல் வெடிக்கிறவர்கள் அந்த இடத்தில் மட்டும் பெட்ரோலியம் ஜெல்லி தடவிக்கொள்ளலாம்.

அரிப்பு தாங்காமல் சிலர் ஸ்டீராய்டு லோஷனைக் கேட்டு வாங்குகிறார்கள். மருத்துவரே சிலருக்குச் சில நாட்களுக்கு அதை எழுதுவார், உண்மைதான். பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் போட்டால், மருந்தால் ஏற்கெனவே மெலிந்த தோல் இன்னும் மெலியும். நெற்றிக்கு வழிந்தால் அங்கே புதிதாகப் பருவும் வரும்.

எண்ணெய்க் குளியல் பற்றி

நம் ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. அவளுடைய அம்மா சனிக்கிழமை நல்லெண்ணெயைக் காய்ச்சி உச்சி முதல் பிடரி வரை ஊறவைத்து, சீயக்காய் போட்டுத் தேய்த்துவிட்டார். அன்று மாலை தலை குளிர்ச்சியாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் நெற்றியோரத்தில் சின்னச் சின்னக் குருக்கள்.

எண்ணெயை முழுவதும் ஒதுக்கச் சொல்கிறவன் இல்லை நான். தேங்காய் எண்ணெய் முடியின் தண்டுக்குள் ஊடுருவி, அலசும்போது முடியிலிருந்து புரதம் போவதைக் குறைக்கிறது என்பது ஆய்வகத்திலேயே காட்டப்பட்ட விஷயம். காய்ந்து உடைகிற முடிக்கு அது நல்ல காவல். ஆனால் எண்ணெய், தலைச்சருமத்துக்குப் புதிதாக ஈரம் எதையும் கொடுப்பதில்லை. இருக்கிற ஈரம் போகாமல் மூடிவைக்கும், அவ்வளவுதான். அதிகமானால் வழியும். நெற்றியோரம், கன்னப்பொறி, கழுத்துப் பின்புறம் எனப் பருவுக்காக மருந்து சாப்பிடும் இடங்களிலேயே போய்த் துளையை அடைக்கும். பொடுகும் உள்ளவருக்கு அந்த ஈஸ்டுக்குத் தீனி போட்டதாகவும் ஆகும். ஆகவே, குளிப்பதற்கு அரைமணி நேரம் முன்பு உள்ளங்கையில் ஒரு சிறு கரண்டி தேங்காய் எண்ணெய், முடியின் கீழ்ப்பாதிக்கு. இரவு முழுக்க ஊறவைத்துத் தலையணையில் முகம் தேய்த்துப் படுப்பதை மட்டும் மருந்து முடியும்வரை நிறுத்திவைக்கலாம்.

சீயக்காயைப் பற்றி உறுதியாகவே சொல்வேன்: இந்தச் சில மாதங்களுக்கு வேண்டாம். எண்ணெயை வழித்தெடுப்பதில் அது கெட்டிக்காரன். வீட்டில் அரைத்த தூளாக இருந்தால் அதன் நறநறப்பும் மெலிந்த தோலைக் கீறும். எலுமிச்சைச் சாறு, வெங்காயச் சாறு, ஊறவைத்த வெந்தயத்தில் தயிர் கலந்தது என்று வரிசையாக வரும் யோசனைகளில் முதலிரண்டும் எரிச்சலுக்கு உத்தரவாதம்.

முடி எங்கிருந்து வருகிறது

மூன்றாவது மாதத்தில்தான் அவள் வீட்டில் உண்மையான கலவரம் தொடங்கியது. சீப்பில் சுருள். தலையணையில் சுருள். குளிக்கும்போது கையோடு வந்த கொத்தைக் கொண்டுவந்து காட்டினாள். "வேரோட வருதுடி! அந்த மாத்திரையை இன்னியோட நிறுத்து" என்றார் அம்மா.

வேரோடு வந்தது என்று அம்மா காட்டியது, முடியின் அடிமுனையில் குண்டூசித் தலையைவிடச் சின்னதாக இருந்த வெள்ளைக் குமிழை. பார்க்கிற எவரும் அதை வேர் என்றுதான் நினைப்பார்கள். அது வேர் அல்ல. முடியை உற்பத்தி செய்யும் பகுதி தோலுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது. வளர்ச்சி முடிந்து ஓய்வுக்குப் போன முடியின் அடிப்பகுதி இறுகி அப்படி ஒரு குமிழாகிறது. குமிழோடு விழுந்த முடி, தன் முறை வந்து விழுந்த முடி. அதே துளையிலிருந்து அடுத்தது முளைக்கும்.

தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கும். ஒவ்வொன்றும் இரண்டிலிருந்து ஆறு ஆண்டுவரை வளரும், பிறகு சுமார் மூன்று மாதம் சும்மா இருக்கும், பிறகு உதிரும். எந்த நாளில் எண்ணினாலும் பத்தில் ஒன்று ஓய்வில் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், ஓய்வில் இருப்பது பத்தாயிரம் முடி. அவை நூறு நாளில் உதிர வேண்டும். ஆக நாளொன்றுக்கு நூறு. எந்த மருந்தும் சாப்பிடாதவருக்கும் இதுதான் கணக்கு.

ஐசோட்ரெட்டினாயின் சிலருக்கு என்ன செய்கிறது என்றால், இன்னும் வளர வேண்டிய முடிகளில் ஒரு பகுதியை முன்கூட்டியே ஓய்வுக்கு அனுப்பிவிடுகிறது. பத்தில் ஒன்று என்பது பத்தில் இரண்டு ஆனால், மூன்று மாதம் கழித்து நாளொன்றுக்கு இருநூறு விழும். காய்ச்சலுக்குப் பிறகும் பிரசவத்துக்குப் பிறகும் முடி கொட்டுகிறதே, அதே வகைதான் இதுவும். பழுத்த இலை காம்பை விட்டுவிட்டபின் மரத்தில் எத்தனை நாள் ஒட்டிக்கொண்டிருந்தாலும் விழுந்துதானே ஆகவேண்டும். ஓய்வுக்குப் போன முடியும் அப்படித்தான், இன்று என்ன செய்தாலும் அது விழும். மாத்திரையை இன்று நிறுத்தினாலும் அடுத்த இரண்டு மூன்று மாதத்துக்கு உதிர்வது நிற்காமல் இருப்பதன் காரணம் இதுதான். நிறுத்தியும் நிற்கவில்லையே என்று பயந்து வேறு எதையாவது தேடி ஓடுகிறவர்கள் இந்த மூன்று மாதத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

இது எல்லோருக்கும் வருவதும் இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், எடைக் கணக்கில் கிலோவுக்கு அரை மில்லிகிராமுக்குக் கீழே சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவிலும், அதற்கு மேலே சாப்பிட்டவர்களில் ஆறு பேர் அளவிலும் முடி உதிர்வு பதிவாகியிருக்கிறது. அளவு கூடினால் வாய்ப்பும் கூடும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. 40 மில்லிகிராமில் நம் மாணவியின் கணக்கு கிலோவுக்கு 0.8. ஆக அவள் இரண்டாவது கூட்டம்.

இதில் இன்னொரு தந்திரமும் இருக்கிறது. தலையில் எண்ணெய்ப் பசை இல்லாததால் முடி பிசுபிசுப்பதே இல்லை. முன்பு ஒருநாள் விட்டு ஒருநாள் தலைக்குக் குளித்தவள், இப்போது ஐந்து நாள் தாங்குகிறது என்று தள்ளிப்போட்டாள். வறட்சிக்காகக் குளியலைக் குறைத்ததும் அதே காலத்தில்தான். விழ வேண்டிய முடி எல்லாம் பின்னலுக்குள் சிக்கிக்கொண்டு, குளிக்கும் நாளில் மொத்தமாகக் கையில் வந்தது. நாளுக்கு நூறு என்ற சாதாரணக் கணக்கிலேயே ஐந்து நாளுக்கு ஐந்நூறு. கையில் பிடித்தால் திகிலூட்டும் அளவு. கொத்தின் கனத்தைப் பார்த்து ஒரு முடிவுக்கு வர முடியாது. உதிர்வதை எண்ணாதீர்கள். மாதம் ஒருமுறை, அதே ஜன்னல் ஓரம், அதே வகிடு எடுத்து, ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். வகிடு அகலமாகிறதா என்பதே உண்மையான கேள்வி.

கீழே கிடக்கும் முடியில் பத்துப் பன்னிரண்டை எடுத்து, வெள்ளைத் தாளில் அல்ல, கறுப்புத் துணியில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் குமிழ் இருந்தால் அது மேலே சொன்ன உதிர்வு. குமிழே இல்லாமல் துண்டு துண்டாக, நீளம் கூடியும் குறைந்தும் இருந்தால் அது உதிர்வு இல்லை, உடைவு. முடித்தண்டு காய்ந்து ஒடிகிறது. இதற்கு மருந்தளவைக் குறைத்துப் பயனில்லை. ஈரத்தலையில் நெருக்கமான பல்லுள்ள சீப்பைப் போட்டு இழுப்பது, ஸ்ட்ரெயிட்டனிங், கலரிங், இறுக்கிப்பிடித்த குதிரைவால் இவற்றை நிறுத்தினால் பயனுண்டு. அகன்ற பல் சீப்பால் நுனியிலிருந்து சிக்கெடுத்து மேலே போவதும், முன்பு சொன்ன தேங்காய் எண்ணெயும் கண்டிஷனரும் இங்கேதான் கைகொடுக்கும்.

மருத்துவர் என்ன செய்தார்

"எப்ப இருந்தும்மா கொட்டுது? அதுக்கு ரெண்டு மூணு மாசத்துக்கு முன்னாடி காய்ச்சல், கீய்ச்சல்? சாப்பாடு ஒழுங்கா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. நாள்காட்டியைப் பின்னோக்கிப் புரட்டுவதுதான் இதில் பாதி வைத்தியம். டெங்கு, டைபாய்டு, திடீரென்று எடையைக் குறைத்தது, அறுவைச் சிகிச்சை எதுவாக இருந்தாலும் இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலையில் வந்து நிற்கும். அப்போது கையில் இருக்கிற மாத்திரை பழியைச் சுமக்கும். அவளுக்குக் காய்ச்சல் வந்ததில்லை. ஆனால் பரு குறைய வேண்டும் என்று பாலையும் முட்டையையும் நிறுத்தி, ஹாஸ்டலில் இரவுச் சாப்பாட்டை பிஸ்கட்டோடு முடித்துக்கொண்டிருந்தாள். மாதவிலக்கும் அதிகம்.

ஐம்பது அறுபது முடியைச் சேர்த்து விரல்களுக்கிடையில் பிடித்து, அடியிலிருந்து நுனிவரை மெதுவாக இழுத்துப் பார்த்தார். ஒன்றிரண்டு வந்தால் சாதாரணம். ஐந்தாறுக்கு மேல் வந்தால் உதிர்வு நடப்பில் இருக்கிறது. நான்கு இடத்தில் இழுத்தார், எல்லா இடத்திலும் ஆறேழு. தலை முழுக்க ஒரே சீராக வருவது இந்த வகை உதிர்வின் குணம். பிறகு லென்ஸ் வைத்து நடுவகிட்டைப் பார்த்தார். அங்கே முடிகள் மெல்லிசும் தடிப்புமாகக் கலந்து இருந்தால் அது பரம்பரையாக வரும் வழுக்கை வகை. பருவும் அதுவும் ஒரே வயதில்தான் தொடங்கும். இளைஞர்களுக்கு நெற்றியின் இரு மூலையும் ஏறுவதும், பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களுக்கு வகிடு அகலமாவதும் ஐசோட்ரெட்டினாயின் மேல் போடப்படுவது இதனால்தான். மருந்து உதிரவைத்த முடி திரும்ப வரும். பரம்பரை வகை தானாகத் திரும்பாது, அதற்கு வைத்தியம் வேறு. அவளுக்கு அது இல்லை.

இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.2. உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 9. தைராய்டு சரியாக இருந்தது. மாத்திரை பாதி, இரும்புச்சத்துக் குறைவு பாதி என்று பங்கு பிரித்துச் சொல்ல எந்தப் பரிசோதனையும் கிடையாது. இரண்டையும் சரிசெய்ய வேண்டியதுதான்.

மருந்தை அவர் நிறுத்தவில்லை. 40-ஐ 20 ஆக்கினார். அம்மாவுக்கு இதில் திருப்தியில்லை. மகளுக்கோ, அளவைக் குறைத்தால் இதுவரை சாப்பிட்டது வீணாகிவிடுமோ என்று பயம். மருத்துவர் தாளில் போட்டுக் காட்டிய கணக்கு இது. முழுக் கோர்ஸ் என்பது வழக்கமாக எடையில் கிலோவுக்கு 120 மில்லிகிராமாவது சேரும்வரை. ஐம்பது கிலோவுக்கு மொத்தம் 6000. முதல் மாதம் தினம் 20 வீதம் 600, அடுத்த இரண்டு மாதம் தினம் 40 வீதம் 2400. இதுவரை 3000, சரிபாதி. மீதி 3000-ஐத் தினம் 40 என்று சாப்பிட்டிருந்தால் இரண்டரை மாதம், 20 என்று சாப்பிட்டால் ஐந்து மாதம். காலம்தான் நீள்கிறது, கணக்கு கைவிட்டுப் போகவில்லை. குறைந்த அளவில் நீண்ட காலம் கொடுப்பது நம் நாட்டுத் தோல் மருத்துவர்களுக்குப் பழகிய முறைதான். உதிர்வு தாங்கமுடியாத அளவில் இருந்தால் முழுவதும் நிறுத்துவதும் உண்டு, அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். கேப்ஸ்யூலை வெறும் வயிற்றில் போடாமல் கொஞ்சம் கொழுப்புள்ள சாப்பாட்டோடு போடச் சொன்னார். இல்லாவிட்டால் பாதியளவு உடலில் சேராமலே போகும்.

ஈரல் வேண்டாம்

இரத்தம் குறைவு என்றதும் வீட்டில் ஆட்டு ஈரல் வாங்கினார்கள். இரும்புக்கு அது நல்ல உணவுதான், வேறு சமயமாக இருந்தால். ஈரல் வைட்டமின் ஏயின் கிடங்கு. ஐசோட்ரெட்டினாயினும் அதே குடும்பம். வைட்டமின் ஏ அளவுக்கு மீறினாலே முடி உதிரும், தோல் காயும், தலைவலி வரும், கல்லீரல் கெடும். மருந்தோடு அதையும் ஏற்றினால் எதற்காக ஏற்றுகிறோமோ அதற்கே கேடு. மீன் ஈரல் எண்ணெய் மாத்திரையும் இந்தப் பட்டியலில்தான். "முடி, தோல், நகத்துக்கு" என்று அட்டையில் எழுதி விற்கும் சத்து மாத்திரைகளிலும் மிட்டாய்களிலும் பலவற்றில் வைட்டமின் ஏ உண்டு. ரெட்டினால், ரெட்டினைல் என்று பொடி எழுத்தில் இருக்கும். திருப்பிப் பார்த்து வாங்க வேண்டும். கேரட்டும் முருங்கைக்கீரையும் பப்பாளியும் சாப்பிடலாமா என்றால் தாராளமாக. அவற்றில் இருப்பது வைட்டமின் ஏ அல்ல, அதன் மூலப்பொருள். உடல் தனக்கு வேண்டிய அளவுதான் அதை மாற்றிக்கொள்ளும்.

இரும்புக்கு அவளுக்கு மருத்துவர் கொடுத்தது மாத்திரை. காபி, டீயோடு சேர்க்காமல், அரை எலுமிச்சை பிழிந்த தண்ணீரோடு. கூடவே முட்டையும் பருப்பும் கடலையும் சாப்பாட்டில் திரும்பி வந்தன.

பயோட்டின் பற்றி ஒரு வார்த்தை. அது ஆபத்தான பொருளல்ல, உதவும் என்பதற்கு வலுவான சான்றும் இல்லை. தொந்தரவு வேறிடத்தில். அதிக அளவு பயோட்டின் இரத்தத்தில் இருந்தால் தைராய்டு பரிசோதனை போன்றவற்றில் தவறான விடை வரும். முடி உதிர்வுக்காகத் தைராய்டு பார்க்கப் போகிறவர் அதே முடிக்காக பயோட்டின் விழுங்கிவிட்டுப் போனால் என்ன ஆகும்? சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் சொல்லி, பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பு நிறுத்த வேண்டும்.

மினாக்ஸிடில் லோஷனை இந்த உதிர்வுக்கு அவசரப்பட்டு வாங்க வேண்டியதில்லை. அதிலுள்ள ஆல்கஹாலும் புரொப்பிலீன் கிளைகாலும் வறண்ட தலையை எரிக்கும். முதல் சில வாரங்களில் அதுவே முடியை உதிரவைக்கும். ஏற்கெனவே பயந்திருக்கிறவருக்கு அது போதும். பரம்பரை வழுக்கை வகையும் சேர்ந்திருந்தால் மருத்துவர் அதை எழுதலாம், நுரை வடிவில் கிடைப்பது எரிச்சல் குறைந்தது.

எப்போது காத்திருக்கக் கூடாது? தலையில் வலியோடு சீழ்க் கொப்புளங்களும் தேன் நிறத்தில் பொறுக்கும் வந்தால் அது வறட்சி அல்ல, கிருமித் தொற்று. வறண்டு வெடித்த தோலில் அது எளிதில் புகும். நாணய அளவில் வட்டமாக ஓரிடம் மட்டும் வழித்தாற்போல் ஆனாலும், புருவம் கொட்டினாலும் காரணம் வேறு. ஆறு மாதத்துக்கு மேலும் குறையாத உதிர்வை மறுபடி பரிசோதிக்க வேண்டும். பார்வை மங்கலோடு கடும் தலைவலி, கடுமையான வயிற்றுவலி, மனம் இருண்டுபோவது இவை தலைமுடிக் கதையே அல்ல, மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரை அழைக்க வேண்டியவை.

கல்யாணத்துக்கு முன் முகம் பளிச்சென்று ஆக வேண்டும் என்று இந்த மாத்திரையைக் கேட்டு வருகிறவர்கள் நிறைய. கருவிலுள்ள குழந்தைக்கு இது கடுமையான ஊனங்களை உண்டாக்கும். சாப்பிடும் காலத்திலும், தொடங்குவதற்கு முன்னும் நிறுத்திய பின்னும் ஒரு மாதத்துக்கும் கருத்தரிக்கவே கூடாது. இதைப் பேசாமல் ஒரு பெண்ணுக்கு இந்த மாத்திரையை எழுதுவதும் தவறு, சீட்டில்லாமல் விற்பதும் தவறு. கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கையில் தொடங்கினால், கொண்டை போட்டு ஹேர்ஸ்ப்ரே அடிக்கும் நாளும் உதிர்வு உச்சத்தில் இருக்கும் நாளும் ஒன்றாக வந்து சேரலாம் என்பதும் ஒரு கணக்கு.

மொட்டையைப் பற்றியும் கேட்பார்கள். பழனிக்கோ திருத்தணிக்கோ நேர்ந்துகொண்டிருந்தால் அது நம்பிக்கை சார்ந்தது, நான் குறுக்கே நிற்கவில்லை. முடி அடர்த்தியாக வரும் என்பதற்காக அடிக்கிற மொட்டையில் பலனில்லை. கத்தி போவது தோலுக்கு மேலே, முடி தீர்மானமாவது தோலுக்கு அடியில். மருந்து சாப்பிடும் காலத்தில் தோல் மெல்லிசு, கத்தி பட்டால் எளிதில் கீறும், வெயிலும் சீக்கிரம் சுட்டுவிடும். தள்ளிப்போட முடிந்தால் கோர்ஸ் முடிந்து சில மாதம் கழித்து. முடியாவிட்டால் புதிய பிளேடு, தலைக்கு மேல் குடை அல்லது துணி, பூசிய சந்தனம் காய்ந்து இழுக்கத் தொடங்குமுன் அலசிவிட்டு மாய்ஸ்சரைசர்.

நம் மாணவிக்கு அளவைக் குறைத்தபின் துப்பட்டாவின் தூள் மூன்று வாரத்தில் அடங்கிவிட்டது. வறட்சி அப்படித்தான், சொன்னால் கேட்கும். உதிர்வு கேட்கவில்லை. அடுத்த இரண்டு மாதமும் கொட்டியது, மூன்றாவது மாதத்தில் மெல்லக் குறைந்தது. ஆறாவது மாதத்தில் நெற்றியோரத்தில் விரற்கடை நீளத்துக்குப் புதுமுடி குத்திட்டு நின்றது. இழுத்து வாரினாலும் படியவில்லை. சிலருக்கு இந்தப் புதுமுடி முன்பைவிடக் கொஞ்சம் சுருளாகவும் வருவதுண்டு. முடி மாதம் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். தோளைத் தொட இன்னும் இரண்டு மூன்று ஆண்டு ஆகும். அதுவரை பின்னல் நுனியில் மெலிந்துதான் தெரியும் என்பதால், கடைசி நான்கு விரற்கடையை வெட்டிவிட்டால் அடர்த்தி சீராகத் தோன்றும் என்று மருத்துவர் சொன்னார். அம்மாவும் மகளும் அதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.